நிலையத்தில் 945, வரைபடத்தில் 1012: காற்றழுத்தம் ஹெக்டோபாஸ்கலில் அளக்கப்பட்டுக் கடல்மட்டத்துக்குத் திருத்தப்படும் முறை

வானிலை வரைபடத்தில் 1008, 1010, 1012 என்று எண்களைத் தாங்கி வளைந்து செல்லும் சம அழுத்தக் கோடுகளைப் பார்க்கும் பலர், அந்தந்த ஊரில் கருவி காட்டிய அழுத்தமே அங்கே குறிக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கடலோர ஊர்களைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ உண்மைதான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு நிலையத்தில் கருவி 945 ஹெக்டோபாஸ்கல் காட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், வரைபடத்தில் அந்த நிலையத்துக்கு அருகே 1012 என்று இருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே நடப்பதைப் படிப்படியாக விளக்குவதும், அந்தக் கணக்கு எந்த இடத்தில் நம்பகமற்றதாகிறது என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹெக்டோபாஸ்கல் என்பது எவ்வளவு

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஒரு நியூட்டன் விசை அழுத்தினால் அது ஒரு பாஸ்கல். வளிமண்டலத்தை அளக்க இது மிகச் சிறிய அலகு என்பதால், நூறு பாஸ்கலைச் சேர்த்து ஒரு ஹெக்டோபாஸ்கலாகக் கொள்கிறார்கள். பழைய பதிவுகளில் காணப்படும் மில்லிபாரும் அளவில் இதுவேதான். 1000 மில்லிபார் என்றாலும் 1000 ஹெக்டோபாஸ்கல் என்றாலும் எண் மாறாது. அலகு மாறியபோது பழைய வரைபடங்களில் ஓர் எண்ணைக்கூடத் திருத்த வேண்டியிராமல் போனதற்கு இதுவே காரணம். பாதரச உயரத்தில் எழுதப்பட்ட பழைய அளவுகளை மாற்றவேண்டுமானால், ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 1.3332 ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம் என்று பெருக்கிக்கொள்ளலாம்.

கடல்மட்டத்தில் திட்ட அழுத்தமாகக் கொள்ளப்படுவது 1013.25 ஹெக்டோபாஸ்கல். ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறத்தாழ 10,330 கிலோகிராம் காற்று நிற்கிறது என்பதே இதன் பொருள். ஓரிடத்தின் அழுத்தம் என்பது அந்த இடத்துக்கு மேலே உள்ள காற்றின் எடை. ஆகவே மேலே ஏறும்போது கடந்துவந்த காற்றின் எடை கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. 1648-இல் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சிலுள்ள புய் தெ டோம் மலையின் மீது பாதரசக் குழாயை எடுத்துச் சென்று, உச்சியில் பாதரச மட்டம் இறங்கியிருப்பதைக் கண்டார். கடல்மட்டத்துக்கு அருகே 8 முதல் 9 மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். மூன்றாவது மாடிக்குப் போனாலே நல்ல கருவியில் இது தெரியும்.

முதற்படி: நிலைய அழுத்தத்தைச் சரியாகப் பெறுதல்

நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது பாதரசக் காற்றழுத்தமானி. அதில் படித்த உயரத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. பாதரசம் வெப்பத்தில் விரிவதால், 28 டிகிரி செல்சியஸ் அறையில் 760 மில்லிமீட்டர் என்று படித்தால் அதிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டரை, அதாவது சுமார் 4.6 ஹெக்டோபாஸ்கலைக் கழிக்க வேண்டும். புவியீர்ப்பு நிலநடுக்கோட்டில் சற்றுக் குறைவு என்பதால் அங்கே மேலும் 2.7 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் கழிக்க வேண்டியிருக்கும். 2013-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு பாதரசக் கருவிகள் விலக்கப்பட்டு வருகின்றன. இன்று பெரும்பாலான நிலையங்களில் இருப்பது சிலிக்கான் உணரி. காற்று நீக்கி மூடிய ஒரு சிறு அறையின் மெல்லிய சவ்வு, வெளியழுத்தத்துக்கு ஏற்ப வளைவதை மின்தேக்குத்திறனின் மாற்றமாக அளந்து, நேரடியாக ஹெக்டோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். சவ்வின் வளைவுக்குப் புவியீர்ப்புத் திருத்தம் தேவையில்லை. வெப்பநிலைத் திருத்தத்தைக் கருவியே செய்துகொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு மெல்ல விலகுவதே இதன் குறை. அதனால் குறித்த கால இடைவெளியில் ஒப்பீட்டுக் கருவி ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் கவனிக்கத் தவறும் ஒன்று காற்றின் வேகம். கருவி கட்டடத்துக்குள் இருந்தாலும், கதவு, சன்னல், குளிர்சாதனம் ஆகியவற்றின் வழியே வெளிக்காற்றின் மோதல் அழுத்தம் உள்ளே வந்துவிடும். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சுவரில் மோதி நிற்கும்போது ஏற்படும் கூடுதல் அழுத்தம் சுமார் 2.4 ஹெக்டோபாஸ்கல், காற்று ஒதுங்கும் பக்கத்தில் இதற்கு மாறாக அழுத்தம் குறையும். புயல் நெருங்கும் நேரத்தில், நம்பத்தக்க எண் மிகவும் தேவைப்படும்போதே, இந்தப் பிழை பெரிதாகிறது. காற்றின் மோதல் உணரியை எட்டாதபடி வடிவமைத்த நிலையழுத்தத் திறப்பு ஒன்றை வெளியே பொருத்தி, குழாய் வழியாக உணரியோடு இணைப்பது இதற்கான வழி.

அடுத்ததாகக் குறித்துவைக்க வேண்டியது உயரம். நிலையத்தின் தரைமட்டத்தை மட்டும் குறித்தால் போதாது. உணரி இருக்கும் மட்டம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதே கணக்குக்குத் தேவை. ஒரு மீட்டர் தவறு ஏறக்குறைய 0.1 ஹெக்டோபாஸ்கல் தவறாக மாறும். செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியிலிருந்து உயரத்தை எடுப்பவர்கள் கூடுதலாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அது அடிப்படையில் தருவது பூமிக்குப் பொருத்திய நீள்வட்டத் திண்மத்தின் மேலான உயரம். சராசரிக் கடல்மட்டத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உலகின் சில பகுதிகளில் 100 மீட்டர் வரை போகும். கருவி அதைத் திருத்திக் காட்டுகிறதா என்று தெரியாமல் அந்த எண்ணைப் பயன்படுத்தினால், கடல்மட்ட அழுத்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஹெக்டோபாஸ்கல் பிழை நுழையக்கூடும்.

திருத்தாமல் வரைந்தால் என்ன ஆகும்

காற்று எங்கிருந்து எங்கே நகர முற்படும் என்பதைத் தீர்மானிப்பது ஒரே மட்டத்தில் உள்ள இரு இடங்களின் அழுத்த வேறுபாடு. சாதாரண நாள்களில் 100 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்த வேறுபாடு ஓரிரு ஹெக்டோபாஸ்கல்தான். செங்குத்தாகவோ, வெறும் 600 மீட்டர் ஏறினாலே 66 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடுகிறது. கடலோரத்தில் 1011.5, நூறு கிலோமீட்டர் உள்ளே மேட்டுநிலத்தில் 945.2 என்ற இரு எண்களையும் அப்படியே வரைபடத்தில் இட்டால், கோடுகள் மலையடிவாரத்தில் நெருங்கிக் குவிந்து, ஒவ்வொரு மலையின் மீதும் கடும் புயலையும் விஞ்சிய தாழ்வுப் பகுதி ஒன்று நிரந்தரமாக நிற்பதுபோலக் காட்டும். உண்மையில் அது நிலத்தின் உயர வரைபடம்தான், தலைகீழாக வரையப்பட்டது, அவ்வளவே. நாம் தேடும் ஓரிரு ஹெக்டோபாஸ்கல் அதற்குள் புதைந்துவிடும். ஆகவே எல்லா நிலையங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மட்டமாகக் கடல்மட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இரண்டாம் படி: கணக்கு

நிலையத்தின் கீழே கடல்மட்டம் வரை உண்மையில் இருப்பது மண்ணும் பாறையும். அவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தைக் காற்றால் நிரப்பியதாகக் கற்பனை செய்து, அந்தக் கற்பனைக் காற்றின் எடையை நிலைய அழுத்தத்தோடு கூட்டுகிறோம். எடை தெரிய அடர்த்தி தெரிய வேண்டும்; அடர்த்தி வெப்பநிலையைப் பொறுத்தது. இல்லாத காற்றுக்கு வெப்பநிலை எங்கிருந்து வரும் என்பதுதான் இந்தத் திருத்தத்தின் முழுச் சிக்கலும்.

தாழ்வான நிலையங்களுக்கு உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கும் சூத்திரம் இந்தக் கேள்விக்கு ஓர் எளிய விடையைத் தருகிறது:

```
Tmv = Ts + 0.0065*H/2 + 0.12*e
p0  = ps * 10^(0.0148275*H / Tmv)
```

இதில் `ps` என்பது நிலைய அழுத்தம், `H` உணரியின் உயரம் மீட்டரில், `Ts` நிலையத்தின் காற்று வெப்பநிலை கெல்வினில், `e` ஆவியழுத்தம் ஹெக்டோபாஸ்கலில். `p0` நாம் தேடும் கடல்மட்ட அழுத்தம். கற்பனைக் காற்றில் கீழே இறங்க இறங்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி வெப்பம் கூடும் என்று கொண்டு, அதன் நடுப்பகுதியின் வெப்பநிலையை எடுப்பதால் உயரம் இரண்டால் வகுக்கப்படுகிறது. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. இலேசாக இருப்பதைச் சற்றுக் கூடுதல் வெப்பமாக இருப்பதாகப் பாவித்துக்கொள்ளலாம் என்பதால் ஈரப்பதம் மூன்றாவது உறுப்பாக வெப்பநிலையோடு சேர்கிறது.

600 மீட்டர் உயரத்திலுள்ள நிலையம் ஒன்றில் பிற்பகலில் கருவி 945.2 ஹெக்டோபாஸ்கலும், வெப்பமானி 24.0 டிகிரியும் காட்டுகின்றன என்று கொள்வோம். காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலை வெப்பம் 12 டிகிரி. அதற்குரிய ஆவியழுத்தம் 14 ஹெக்டோபாஸ்கல். முதலில் 24.0-ஐ கெல்வினாக்கினால் 297.15. உயரத்துக்கான உறுப்பு 1.95, ஈரப்பதத்துக்கான உறுப்பு 1.68. மூன்றையும் கூட்டினால் `Tmv` 300.78. அடுத்து 0.0148275-ஐ 600-ஆல் பெருக்கினால் 8.8965, அதை 300.78-ஆல் வகுத்தால் 0.029578. பத்தின் அடுக்காக இதை ஏற்றினால் 1.07048 கிடைக்கும். நிலைய அழுத்தத்தை இதனால் பெருக்க, கடல்மட்ட அழுத்தம் 1011.8 ஹெக்டோபாஸ்கல்.

கூட்டப்பட்டது 66.6 ஹெக்டோபாஸ்கல். விடை பொருத்தமானதா என்று சரிபார்க்க இதை எடையாக மாற்றிப் பார்க்கலாம்: ஒரு சதுர மீட்டருக்கு 679 கிலோகிராம் காற்று 600 மீட்டர் உயரத்தில் பரவியிருக்கிறது, அதாவது ஒரு கனமீட்டருக்கு 1.13 கிலோகிராம். வெதுவெதுப்பான தாழ்நிலக் காற்றின் அடர்த்தி இதுதான். இந்த எண் இதைப்போலப் பல மடங்காக வந்திருந்தால், உயரத்தை அடியில் இட்டுவிட்டோமா, வெப்பநிலையைக் கெல்வினாக்க மறந்தோமா என்று தேட வேண்டியிருக்கும்.

நிலையங்கள் பரிமாறிக்கொள்ளும் சுருக்கக் குறியீட்டில் இந்த இரண்டு எண்களும் `39452 40118` என்று அடுத்தடுத்துச் செல்லும். 3-இல் தொடங்குவது நிலைய அழுத்தம், 4-இல் தொடங்குவது கடல்மட்ட அழுத்தம். ஐந்து இலக்கங்களுக்குள் அடங்க வேண்டும் என்பதால் ஆயிரமும் தசமப்புள்ளியும் விடப்பட்டிருக்கின்றன. திருத்தாத எண்ணையும் சேர்த்தே அனுப்புவது நல்ல ஏற்பாடு. திருத்தத்தில் ஐயம் வந்தால் பின்னர் யாரும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வெப்பநிலை செய்யும் குழப்பம்

அதே நிலையத்தில் மறுநாள் விடியற்காலையில் வெப்பநிலை 14.0 டிகிரியாக இறங்கியிருக்கிறது; நிலைய அழுத்தமும் ஈரப்பதமும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். `Tmv` இப்போது 290.78. கணக்கை மறுபடி செய்தால் கடல்மட்ட அழுத்தம் 1014.2 வருகிறது. மேலே உள்ள வளிமண்டலத்தின் எடை துளியும் மாறாமலேயே வரைபடத்தில் 2.4 ஹெக்டோபாஸ்கல் ஏறிவிட்டது. குளிர்ந்த காற்று அடர்ந்தது என்பதால், பாறை இருக்கும் இடத்தில் நாம் கற்பனை செய்த காற்றின் எடை 703 கிலோகிராம் ஆகிவிட்டது, காரணம் அவ்வளவுதான். இரண்டு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடு வரையும் வரைபடத்தில் இது ஒரு முழுக் கோட்டுக்கும் மேலான இடப்பெயர்ச்சி.

விடியற்காலையில் தரை குளிர்ந்து, அதைத் தொட்ட மெல்லிய அடுக்கு மட்டுமே குளிர்ந்திருக்கும். அந்த ஒரு வெப்பநிலையை 600 மீட்டர் தடிமனுக்கும் பொருத்துவது நியாயமன்று. இதைத் தணிக்க, இப்போதைய வெப்பநிலையையும் 12 மணி நேரத்துக்கு முந்தைய வெப்பநிலையையும் சராசரியாக்கிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்க நிலையங்களில் உண்டு. நம் எடுத்துக்காட்டில் 24-க்கும் 14-க்கும் சராசரி 19. அதைக் கொண்டு கணக்கிட்டால் 1013.0. பகலும் இரவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், வரைபடத்தில் எஞ்சுவது பெரும்பாலும் உண்மையான மாற்றம். என் பார்வையில், சில நூறு மீட்டருக்கு மேலுள்ள எந்த நிலையத்துக்கும் கணநேர வெப்பநிலையைவிட இந்தச் சராசரியே பாதுகாப்பானது.

விமானத் தளங்கள் அறிவிக்கும் அழுத்தம் இதிலிருந்தும் வேறானது. விமானத்தின் உயரமானியை அமைப்பதற்கான அந்த எண், உண்மை வெப்பநிலையைப் பார்ப்பதே இல்லை. 600 மீட்டரில் காற்று ஏறத்தாழ 11 டிகிரி என்ற திட்ட வளிமண்டலத்தையே எடுத்துக்கொள்கிறது. நம் பிற்பகல் நிலையத்துக்கு அந்த முறையில் கிடைப்பது 1015. உயரமானியும் அதே திட்ட வளிமண்டலத்தின்படி செய்யப்பட்டிருப்பதால் விமானிக்கு அது சரியான எண். வரைபடம் வரைபவருக்கோ மூன்றரை ஹெக்டோபாஸ்கல் தவறு. இரு வகை எண்களையும் கலந்து ஒரே வரைபடத்தில் இட்டால் விமானத் தளங்களைச் சுற்றியெல்லாம் சிறு வட்டங்கள் முளைக்கும்.

பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது

வரைபடத்தில் ஒரு நிலையத்தைச் சுற்றி மட்டும் கோடுகள் வளைந்து மூடிக்கொண்டால், அந்த நிலையத்தின் மீது ஐயம் கொள்ள வேண்டும். ஒரே வேளை எண்ணைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. சில வாரங்களுக்கு அண்டை நிலையங்களோடு உள்ள வேறுபாட்டை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். வேறுபாடு இரவும் பகலும் மாறாமல் 1.2 ஹெக்டோபாஸ்கல் என்றே நின்றால், உணரி விலகியிருக்கிறது அல்லது உயரம் சுமார் 10 மீட்டர் தவறாகப் பதிவாகியிருக்கிறது. இவ்விரண்டில் எது என்பதை எண்கள் சொல்லாது. சரிபார்த்த கருவி ஒன்றை எடுத்துச்சென்று பக்கத்தில் வைத்துத்தான் பிரித்தறிய முடியும். வேறுபாடு விடியலில் கூடிப் பிற்பகலில் குறைந்தால், குற்றவாளி திருத்தத்தில் பயன்படுத்திய வெப்பநிலை. காற்று பலமாக வீசும் நாள்களில் மட்டும் தோன்றினால், நிலையழுத்தத் திறப்பைப் பார்க்க வேண்டும்.

வீட்டு வானிலைக் கருவிகளில் மற்றொரு வகைப் பிழை அடிக்கடி தென்படுகிறது. அவற்றுள் பல, ஒருமுறை அமைத்த மாறாத எண்ணைக் கூட்டியே கடல்மட்ட அழுத்தத்தைக் காட்டுகின்றன. 50 மீட்டர் உயரத்தில் இதனால் தீங்கில்லை. 600 மீட்டரில் அமைத்த நாளின் வெப்பநிலை எப்போதைக்கும் உறைந்துபோய்விடுகிறது. ஏற்கெனவே திருத்திய எண்ணை மென்பொருள் இரண்டாம் முறை திருத்திவிடுவதும் உண்டு. அப்போது நம் நிலையம் 1080-ஐத் தாண்டிக் காட்டும். அந்த அளவை எட்டிய இடங்கள் உலகிலேயே மிகச் சில என்பதால் இதைக் கண்டுபிடிப்பது எளிது.

நேரத்தையும் மறந்துவிடக் கூடாது. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை, உள்ளூர் நேரப்படி காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயர்ந்து, இடையில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் தாழும். ஒரு நிலையத்தின் காலை எண்ணையும் மற்றொன்றின் மாலை எண்ணையும் சேர்த்து வரைந்தால், இல்லாத தாழ்வுப் பகுதி தோன்றிவிடும். எல்லா நிலையங்களும் உலகப் பொது நேரம் 00, 06, 12, 18 மணிக்கு ஒருசேர அளப்பது இதனால்தான்.

மிக உயர்ந்த நிலையங்கள்

மேலே தந்த சூத்திரம் 750 மீட்டருக்கு உட்பட்ட நிலையங்களுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு மேலே கற்பனைக் காற்றின் தடிமன் பெருகப் பெருக, வெப்பநிலை பற்றிய ஊகம் விடையை ஆட்டிவைக்கத் தொடங்கும். கடல்மட்ட அழுத்தத்தின் உலக உச்சங்களைப் பதிவுசெய்யும்போது உலக வானிலை அமைப்பே 750 மீட்டருக்குக் கீழும் மேலும் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. கீழ்ப் பட்டியலில் இருப்பது சைபீரியாவின் அகாட்டா. 1968 டிசம்பர் 31 அன்று அங்கே 1083.8 ஹெக்டோபாஸ்கல் பதிவானது. மங்கோலியாவின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் கடும் குளிர்காலத்தில் இதைவிடப் பெரிய எண்கள் கணக்கில் வந்திருக்கின்றன. ஆனால் அங்கே தேங்கிக் கிடக்கும் உறைகுளிரை, ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட கற்பனைக் காற்று முழுவதற்கும் நீட்டியதால் அந்த எண்ணில் எவ்வளவு சேர்ந்தது என்பதை யாராலும் அளந்து சொல்ல முடியாது.

ஆகவே இத்தகைய நிலையங்கள் கடல்மட்டம் வரை இறங்குவதை விட்டுவிட்டு, தமக்கு அருகிலுள்ள ஒரு திட்ட அழுத்தப் பரப்பைத் தேடுகின்றன. 1700 மீட்டரில் உள்ள நிலையம், 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டால் போதும். கற்பனை செய்ய வேண்டிய காற்று இருநூறு மீட்டர் அளவே. விடை 1512 மீட்டர் என்று வந்தால் குறியீட்டில் `48512` என்று செல்லும். 4-க்கு அடுத்துள்ள 8, இது அழுத்தமன்று, 850 பரப்பின் உயரம் என்று அறிவிக்கும் அடையாளம். இந்த எண்ணைக் கடல்மட்ட வரைபடத்தில் இடாமல், 850 பரப்பின் உயரக் கோடுகளை வரையும் தனி வரைபடத்தில் இடுவார்கள்.